கை, திரை, முகம்

சங்க அகப்பாடல்கள் குறித்த ஓர் உரையை நாங்கள் சென்ற ஆண்டு ஏற்பாடு செய்தபோது, காது கேளாத ஐந்து நண்பர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூவர் சைகைமொழியில் வளர்ந்தவர்கள். மற்ற இருவர் நடுவயதில் கேட்கும் திறனை இழந்தவர்கள். நல்ல வாசகர்கள், ஆனால் சைகை அறியாதவர்கள். மொழிபெயர்ப்பாளரின் கைகளால் அந்த இருவருக்குப் பயனில்லை. எனவே திரையில் எழுத்தும் தேவைப்பட்டது.

தமிழில் பேச்சின் வேகத்துக்கு ஈடாகச் சாதாரண விசைப்பலகையில் தட்டச்சு செய்வது இயலாத காரியம். எங்கள் நண்பர் ஒருவர் உரையின் சாரத்தை மட்டும் தட்டச்சு செய்தார். பாடல்களை முன்னதாகவே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டோம். இந்தியச் சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் தருவது பாடலின் பொருளைத்தான், சொற்களை அல்ல. இலக்கிய உரையிலோ சொல்தானே எல்லாம்! அதனால் சைகையில் வளர்ந்த மூவரும்கூடப் பாடல் வரும்போது திரையை நாடினார்கள்.

இங்குதான் சிக்கல். காதால் கேட்பவர் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். கண்ணால் கேட்பவருக்குக் கைகளா, எழுத்தா, ஏதேனும் ஒன்றுதான். ஆகவே பாடல் திரையில் தோன்றியதும், அதை ஒருமுறை மனதுக்குள் வாசிக்கும் நேரம் மௌனமாக இருக்கும்படி பேச்சாளரை வேண்டிக்கொண்டோம். முதல் மௌனத்தின்போது அரங்கில் சிலர் இருமினார்கள். மூன்றாவது பாடலிலிருந்து அவர்களும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பேச்சாளர், மொழிபெயர்ப்பாளர், திரை மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கவேண்டும். மேடை உயரமானதால் முதல் வரிசையில் கழுத்து வலிக்கும். இரண்டாம் வரிசையில், மொழிபெயர்ப்பாளர் நிற்கும் பக்கமாக ஐந்து இருக்கைகளை ஒதுக்கினோம். (பிரமுகர்களுக்கான சோபாக்களை அகற்றியதுதான் அன்றைய பெரும் போராட்டம்.) திரை நன்றாகத் தெரியவேண்டுமென்று விளக்குகளை அணைப்பது அரங்க ஊழியர்களின் வழக்கம். இருளில் கைகள் ஊமையாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் மேல் மட்டும் ஒரு விளக்கு எரிந்தது. சைகை செய்வது உடலையும் மூளையையும் ஒருசேரக் களைப்படையச் செய்யும் வேலை. இருவர் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டார்கள். பாடல்களும் உரைக்குறிப்பும் ஒரு வாரம் முன்பே அவர்கள் கையில் இருந்தன.

கேள்வி நேரத்தில், பேசுபவர் எழுந்து நின்று கையுயர்த்திய பிறகே பேசவேண்டும் என்று அறிவித்தோம். இல்லையேல் கேள்வி எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதே ஐவருக்கும் தெரியாது. மூவரில் ஒருவர் சைகையில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதற்குக் குரல் கொடுத்தார். தலைவன் வருவதைத் தேர்மணியின் ஒலியால் தலைவி அறிவதாகப் பாடுகிறார்களே, கேளாத தலைவிக்கு எது அடையாளம்?

பேச்சாளர் மொழிபெயர்ப்பாளரை நோக்கி விடை சொல்லத் தொடங்கினார். அவர் சைகையை நிறுத்தாமலேயே கண்ணால் நண்பரைச் சுட்டினார். பேச்சாளர் திரும்பினார். விடை நீண்டது. தட்டச்சு செய்த நண்பர் நான்கு வாக்கியங்கள் பின்தங்கிவிட்டார்.