பில் இல்லாத செலவு

பெட்டி கேஷில் இம்ப்ரெஸ்ட் முறை என்பது ஒரே ஒரு கணக்கு. 10,000 ரூபாய் என்று தொகையை நிர்ணயித்து வைத்தால், பெட்டியில் இருக்கும் ரொக்கமும் அதுவரை சேர்ந்த வவுச்சர்களும் எந்த நிமிடத்தில் கூட்டினாலும் 10,000 வரவேண்டும். பணம் குறையும்போது, செலவான அளவுக்கு மட்டும் வங்கியிலிருந்து எடுத்துப் பெட்டியை நிரப்புவார்கள். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் நிரப்பும் நாளில்தான் அந்தப் பத்தாயிரத்துக்குள் எத்தனை ஆட்டோ, எத்தனை டீ, எத்தனை கூலி ஒளிந்திருக்கிறது என்று தெரியவரும். அவற்றில் பாதிக்கு பில் இருக்காது.

நான் கணக்குப் பார்க்கும் இடம் கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னத் தொழிற்கூடம். ரீஃபில் கேட்டு கேஷைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்தால், முதலில் வவுச்சரைத் தொடவிடமாட்டேன். நோட்டு வாரியாகப் பணத்தை எண்ணி எழுதச் சொல்வேன்: 500 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு. எண்ணியதும் இருவரும் கையெழுத்துப் போட்டு அந்தத் தாளை மூடிவைப்போம். வவுச்சரை முதலில் கூட்டிவிட்டால், மீதி எவ்வளவு இருக்கவேண்டும் என்பது மனதில் பதிந்துவிடும். பிறகு எண்ணும் கை அந்த எண்ணைத் தேடித்தான் போகும்.

இந்த முறை ரொக்கம் 2,365 ரூபாய் இருந்தது. அப்படியென்றால் 7,635 ரூபாய்க்குக் கணக்கு வரவேண்டும்.

பில்லோடு வந்தவை மூன்று. கூரியர் 640, பிரிண்டருக்கு டோனர் 1,180, வசூலுக்குப் போகும் பைக்குக்கு பெட்ரோல் 500. டோனர் பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதனால் 1,000 ரூபாய் செலவிலும் 180 ரூபாய் உள்ளீட்டு வரியிலும் போகும். எண் இல்லாத பில்லை வாங்கி வந்திருந்தால் அந்த 180-ஐயும் செலவாகவே எழுதியிருக்க வேண்டும். பெட்ரோல் பில்லோ மெஷினில் வரும் வழுவழுப்புத் தாள். பத்து நாளில் எழுத்து மங்கி, தேதி மட்டும் லேசாகத் தெரிந்தது. இந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் போடச் சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர் வருகிற நேரத்தில் வெற்றுத்தாளைக் காட்டி ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்து, பில் என்று சொல்லமுடியாவிட்டாலும் சாட்சி உள்ளவை. டீக்கடைக்கு வாரம் 630 வீதம் இரண்டு வாரத்துக்கு 1,260. கடைக்காரரிடமும் நம்மிடமும் ஒவ்வொரு சின்ன நோட்டு இருக்கிறது. தினமும் எத்தனை டீ, எத்தனை வடை என்று இரண்டிலும் ஏறும். சனிக்கிழமை இரண்டையும் ஒப்பிட்டுப் பணம் கொடுத்து, அவர் கையெழுத்தை வவுச்சரிலேயே வாங்கிவிடுவோம். தண்ணி கேன் 20, ஒன்று 40 ரூபாய், மொத்தம் 800. கேன் இறக்கும் பையன் அட்டையில் தேதி போட்டு வைத்திருக்கிறான். இவை எனக்குப் போதும். பெரிய கடையில் வாங்கிய அச்சடித்த பில்லைவிட, இரண்டு பக்கமும் எழுதிய இந்த நோட்டை நம்புவது எளிது.

மீதிதான் சிக்கல். பிளம்பருக்கு 900, ஆட்டோ 480, லாரியிலிருந்து காஸ்டிங் இறக்கிய கூலி 1,200, வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பூவும் பழமும் 350. மொத்தம் 2,930 ரூபாய். எதற்கும் பில் இல்லை. அந்தப் பெண் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: “ஆட்டோக்காரருகிட்ட பில்லு கேட்டா சிரிக்கிறாருங்க சார். ஸ்டேஷனரிக் கடையில வெத்து பில் கேட்டு வாங்கிப் போட்டுரட்டுங்களா?”

இந்தக் கேள்வி எல்லா அலுவலகத்திலும் ஒருநாள் வரும். கேட்பவர் நேர்மையற்றவர் என்பதால் வருவதல்ல. ‘பில் இல்லாவிட்டால் பாஸ் ஆகாது’ என்று மேலே இருப்பவர் ஒருமுறை கத்தியிருப்பார், அதனால் வரும். பூக்கார அம்மா பில் தரமாட்டார், லோடுமேன் தரமாட்டார் என்பது கத்தியவருக்கும் தெரியும். ஆனாலும் பில் கேட்டால், பில் வரத்தான் செய்யும். உண்மையாகச் செலவான 480 ரூபாய், ‘பைல், பேனா’ என்ற பெயரில் பொய்யாக மாறி உள்ளே வரும். அதன்பின் ஆட்டோச் செலவு எவ்வளவு என்று ஆண்டு முடிவில் யார் கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. வெற்றுப் பில்லில் 480 எழுதப் பழகிய கை 680 எழுதினால் அதைத் தடுக்கவும் வழியில்லை. பில் இல்லை என்பது செலவின் குறை அல்ல, அந்தத் தொழிலின் இயல்பு. அதை அப்படியே எழுதிக்கொள்ள ஒரு வழி இருந்தால் போதும்.

எங்கள் வழி இது. பில் இல்லாத செலவுக்கு உள் வவுச்சர் ஒன்று, பணம் கொடுத்த அன்றே. வாரக்கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் தொகை எல்லாம் முழு நூறாக வந்துவிடும். அதில் யாருக்கு, எதற்காக, எவ்வளவு, ஏன் பில் இல்லை என்ற நான்கும் இருக்கவேண்டும். பணம் வாங்கியவரின் கையெழுத்தோ ரேகையோ வேண்டும். முடியாதபோது செலவழித்தவரின் கையெழுத்தும், அந்த வேலை நடந்ததை அறிந்த இன்னொருவர் கையெழுத்தும். ‘ஆட்டோ 480’ என்று ஒரு வரி போதாது. மூன்று சவாரி என்றால் மூன்று தேதி, மூன்று இடம், மூன்று தொகை. அப்படிப் பிரித்து எழுதச் சொன்னதும் அவை சட்டென்று தெளிவாகின: பேங்க் 120, டூல்ஸ் கடை 160, கூரியர் ஆபீஸ் போய் வர 200. அந்த 200-க்கான சவாரி தேதியும், பில்லோடு வந்த ஒரு கூரியரின் தேதியும் ஒன்று. ஒன்றை இன்னொன்று தாங்கிப் பிடிக்கிறது. இப்படித் தாங்கிப் பிடிப்பதைத்தான் நான் தேடுகிறேன். லோடு இறக்கிய கூலிக்கு லாரி சலான் தேதி, பிளம்பருக்கு அதே நாளில் கடையில் வாங்கிய குழாயின் பில், இப்படி.

கூலி 1,200-ல் இன்னொரு சங்கடம். பில் இல்லாத செலவு ஒரு வவுச்சருக்கு 1,000 ரூபாயைத் தாண்டினால், பணம் கொடுக்கும் முன்பே மேலாளர் கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் விதி. மூன்று பேர், தலைக்கு 400 ரூபாய் என்பதால் மூன்று வவுச்சராகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடக்கூடாது. ஒரே லாரி, ஒரே வேலை, ஒரே நேரம். மூன்று பெயரும் ரேகையும் ஒரே தாளில் வாங்கி, லாரி வந்தபோது மேலாளர் ஊரில் இல்லை என்பதையும் அதிலேயே எழுதி, பின்னர் அவர் ஒப்புதலை வாங்கினோம். விதியைத் தாண்டியது கண்ணில் படும்படி இருந்தால் அதில் பயமில்லை. அதைத் துண்டு துண்டாக்கி மறைத்தால், அடுத்த முறை நிஜமாகவே மறைக்க வேண்டியதையும் அதே வழியில் மறைக்கலாம்.

போலியைக் கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டியதில்லை. வவுச்சர்களைத் தேதி வாரியாக அல்லாமல், கடை வாரியாக அடுக்கிப் பார்த்தால் போதும். ஒரே கடையின் 214, 215, 216 எண் பில்கள் மூன்று வெவ்வேறு வாரத் தேதியில் வந்திருக்கும். அந்தக் கடைக்கு நடுவில் வேறு வாடிக்கையாளரே வரவில்லையா? கடைக்காரர் எழுத்தும் கேஷியர் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். 1,000 வரம்பென்றால் 980, 990 என்றே தொகைகள் வரும். ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கியிருப்பார்கள். யுபிஐ வந்தபின் இன்னொன்றையும் பார்க்கிறேன்: ஸ்கிரீன்ஷாட்டை பில் என்று நினைக்கிறார்கள். பணம் போனதற்கு அது நல்ல அத்தாட்சி, எதற்காகப் போனது என்பதற்கு இல்லை. ‘செல்வம் ஸ்டோர்ஸ் ₹350’ என்று இருந்தால், அது பூவா பிஸ்கட்டா என்று சொல்லும் உள் வவுச்சர் அதன் மேலும் வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டியபோது 2,320, 2,060, 2,930. ஆக 7,310. இருக்கவேண்டியது 7,635. வித்தியாசம் 325.

அதில் 300-க்கு விடை டிராயரிலேயே கிடைத்தது. ஸ்பேர் வாங்க ஒரு பையன் எடுத்துப்போய், இன்னும் கணக்குக் கொடுக்கவில்லை. துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. அது செலவு அல்ல, வெளியே நிற்கும் ரொக்கம். அதை வவுச்சரோடு சேர்த்து இப்போது நிரப்பிவிட்டால், அவன் பாக்கியைத் திருப்பித் தரும்போது பெட்டியில் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிவிடும். எனவே அது சீட்டாகவே நிற்கட்டும்.

மீதி 25 ரூபாய். எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சில்லறை இல்லாமல் யாருக்காவது கூடக் கொடுத்திருக்கலாம். “ஆட்டோவுல 25 சேர்த்துக்கலாங்களா?” என்றார் அந்தப் பெண். வேண்டாம், ‘ரொக்கக் குறைவு 25’ என்று தனியாகவே எழுதச் சொன்னேன். பெட்டியைத் தொடுகிறவரின் கையில் 25 ரூபாய் குறைவது குற்றமில்லை. அதற்காகச் சம்பளத்தில் பிடித்தால், அடுத்த மாதம் முதல் பெட்டி என்றுமே குறையாது. ஆட்டோக் கட்டணம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். தனித் தலைப்பில் எழுதினால், எப்போதாவது குறைகிறதா, எப்போதாவது கூடுகிறதா, அல்லது எப்போதும் குறைந்துகொண்டேதான் போகிறதா என்று பார்க்கலாம். கடைசி வகையானால் பேசியாக வேண்டும்.

செக் 7,335 ரூபாய்க்கு எழுதினோம்: வவுச்சர் 7,310, குறைவு 25. பெட்டியில் இருக்கும் 2,365, சீட்டு 300, வரப்போகும் 7,335. கூட்டினால் பத்தாயிரம். கணக்கில் செலவுத் தலைப்புகள் பற்று, வங்கி வரவு. பெட்டி கேஷ் லெட்ஜர் 10,000-லேயே நிற்கும். டேலியில் சிலர் தினசரிச் செலவைப் பெட்டி கேஷிலிருந்து பேமென்ட்டாகப் போட்டுவிட்டு, நிரப்பும்போது காண்ட்ரா போடுவார்கள். அதுவும் சரிதான். இரண்டையும் கலந்துவிட்டால் அதே டீச்செலவு இரண்டு முறை ஏறும். மார்ச் 31 அன்று மட்டும் நான் எந்தச் சாக்கையும் கேட்பதில்லை. பெட்டியில் பாதிப் பணம் இருந்தாலும் அன்று வவுச்சரை வாங்கிக் கணக்கில் ஏற்றிவிடுவேன். இல்லையென்றால் இந்த ஆண்டுச் செலவு அடுத்த ஆண்டில் போய் விழும்.

வவுச்சர்கள் மேல் ‘பணம் கொடுக்கப்பட்டது’ முத்திரையைக் குத்தி, ஒவ்வொன்றிலும் செக் எண்ணையும் எழுதினோம். குத்தாமல் விட்டால் அதே பிளம்பர் தாள் அடுத்த கட்டிலும் வந்து உட்காரும். பையன் மதியம் 300 ரூபாய்க்கு ஸ்பேர் பில்லும் சில்லறையுமாக வந்தான்: பில் 265, கையில் 35. சீட்டைக் கிழித்துவிட்டு, அந்த 265 அடுத்த வவுச்சர் கட்டின் முதல் தாளாக ஏறியது.