பன்னிரண்டு பக்கமும் ஒரு ஆடுஜீவிதமும்

1995இல் ஷார்ஜா சனையாப் பக்கம் ஒரு றூமில் ஏழு பேர் இருந்தோம். அடுக்குக் கட்டில்கள், ஒரு ஏசி, ஒரு காஸ் அடுப்பு. ஏழு பேரில் நாலு பேர் எங்கட ஆக்கள், இரண்டு பேர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவர் திருச்சூர்ச் சேட்டன். அந்த நாலு பேரில் ஒருவர் மட்டக்களப்பு அண்ணர். எங்கள் எல்லாரையும் விட வயதில் மூத்தவர். இரவில் லைற் அணைத்த பிறகு ரோச் வெளிச்சத்தில் கொப்பியில் எழுதுவார். "என்னண்ணை, வீட்டுக்குக் கடிதமோ?" என்று கேட்டால், "ஓம், கொஞ்சம் நீளமான கடிதம்" என்பார்.

அடுத்த வருஷம் லீவில் போனவர், கொழும்பில் ஒரு அச்சகத்தில் தன் சொந்தக் காசில் அதைப் புத்தகமாக அடித்துக்கொண்டு வந்தார். 64 பக்கம். 300 பிரதி. ஒன்றுகூட விற்கவில்லை, எல்லாம் கையில் கொடுத்ததுதான். புத்தகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் விரும்புவார்களோ தெரியாது.

உண்மையைச் சொன்னால் அதில் அரைவாசிக்கு மேல் நல்லாயில்லை. ஊரைப் பற்றிய கவிதைகள், அம்மாவைப் பற்றிய கவிதைகள், எல்லாரும் எழுதுகிற மாதிரித்தான். ஆனால் நடுவில் ஒரு பன்னிரண்டு பக்கம் இருந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு பெடியன் செத்துப்போய், உடல் ஊருக்குப் போக நாற்பது நாள் பிணவறையில் கிடந்த கதை. மரணச் சான்றிதழ், பொலிஸ் கடிதம், கபீல் வந்து விசாவை இரத்துச் செய்யவேண்டும், தூதரகம் பாஸ்போட்டை இரத்துச் செய்யவேண்டும், உடலுக்கு மருந்து ஏற்றிய சான்றிதழ், பிறகு கார்கோ. ஒவ்வொரு கையெழுத்துக்கும் யார் லீவு போட்டுப் போனார்கள், டாக்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். அழுகை என்ற சொல்லே இல்லை. வளைகுடா பற்றித் தமிழில் நான் வாசித்ததில் அதுபோல வேறொன்று இல்லை என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள், புத்தகம் எங்கே?

இந்தக் கேள்விதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. சில புத்தகங்கள் நிற்கின்றன, சில காணாமல் போகின்றன. "நல்லது நிற்கும்" என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். ஆனால் 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்கும்வரை, திருவாவடுதுறை மடத்தில் முறையாகப் படித்துவந்த உ.வே.சாமிநாதையருக்கே சீவகசிந்தாமணியோடு பழக்கம் இருக்கவில்லை. ஏன்? மடத்துப் பாடத்தில் அது இல்லை. நூல் அதே நூல்தான். பாடம் வைத்தவர்கள் வேறு. எங்கட சி.வை.தாமோதரம்பிள்ளையும் ஐயரும் ஏடுகளைத் தேடி அச்சில் ஏற்றாவிட்டால், இன்றைக்கு நாங்கள் பெருமை அடிக்கிற பட்டியலில் பாதி கறையான் வயிற்றில்.

சரி, வளைகுடாவுக்கே திரும்பி வருவோம். அண்ணரின் புத்தகம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 2008இல், திருச்சூர் கிரீன் புக்ஸ் ஒரு மலையாள நாவலை வெளியிட்டது. பென்யாமின் எழுதிய 'ஆடுஜீவிதம்'. சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் அடிமையாகக் கிடந்த நஜீப்பின் கதை. பென்யாமினும் அப்போது எழுத்தாளர் வட்டத்துப் பெரிய புள்ளி இல்லை. 1992 முதல் 2013 வரை பஹ்ரைனில் வேலை செய்தவர். எங்களைப் போல ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009க்கான கேரள சாகித்திய அகாதமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது. 2012இல் பெங்குவின் ஆங்கிலத்தில் போட்டது. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களுக்குள் போனது. தமிழுக்கும் வந்தது. நூறு பதிப்புகளைத் தாண்டியது. 2024இல் பிளெஸ்ஸி படமாக எடுத்தார்.

இதைப் பார்த்து "விருது கிடைத்தது, நின்றுவிட்டது" என்று சொல்லக்கூடாது. அந்த விருது வருஷா வருஷம் யாருக்கோ கிடைக்கிறது. வாங்கியவர்களில் பலரை மலையாளிகளுக்கே நினைவில்லை. நான் அந்தத் திருச்சூர்ச் சேட்டனிடம் (இப்போதும் போனில் கதைப்போம்) கேட்டேன். அவர் சொன்னது விருது பற்றி அல்ல, தன் ஊர் வாசிகசாலை பற்றி.

கேரளாவில் 1945இல் பி.என்.பணிக்கர் தொடக்கிவைத்த நூலக இயக்கம் இன்றைக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர் நூலகங்களாக இருக்கிறது. அரசாங்கக் காசு நூலகக் கவுன்சில் வழியாக வருகிறது. ஆனால் எந்தப் புத்தகம் வாங்குவது என்று தீர்மானிப்பது அந்தந்த ஊர்க் கமிட்டி. மாவட்டப் புத்தக விழாவுக்கு ஒரு வாத்தியாரும் ஒரு தபால்காரரும் பையோடு போய்த் தெரிவுசெய்து வாங்கி வருகிறார்கள். உறுப்பினர்கள் கேட்ட புத்தகத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். கேட்டவர்கள் யார்? கல்ஃபில் புருஷன் இருக்கிற பெண்கள், திரும்பி வந்த ஆண்கள். ஒரு பிரதி கிழிந்தால் அடுத்த வருஷம் இன்னொன்று. இப்படித்தான் பதிப்பு எண்ணிக்கை ஏறுகிறது.

தமிழ்நாட்டில் நீண்ட காலமாக நடைமுறை வேறு. ஒரு மையக் குழு தெரிவுசெய்யும், மொத்தமாக வாங்கி எல்லா நூலகத்துக்கும் அனுப்பும். பதிப்பாளர்கள் அந்த ஓடரை நம்பியே புத்தகம் அடித்தார்கள். அலமாரிக்குப் போன புத்தகத்தை யாராவது எடுத்தார்களா என்ற செய்தி பதிப்பாளருக்குத் திரும்பி வராது. புத்தகம் விற்றுவிட்டது, வாசிக்கப்படவில்லை. இரண்டாம் பதிப்புக்குக் காரணமே இல்லை. ஈழத்து ஆளுக்கோ அந்த ஒரு ஓடரும் இல்லை. யாழ் நூலகம் எரிந்த கதையை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

அப்படியென்றால் எல்லாம் ஏற்பாடுதானா, எழுத்துக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. அதே நூலகங்களுக்கு வளைகுடா அனுபவப் புத்தகங்கள் எத்தனையோ போயிருக்கின்றன. ஆடுஜீவிதத்தின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். நஜீப்பும் ஹமீதும் ரியாத்தில் பத்தா பொலிஸ் நிலையத்துக்கு வெளியே நின்று, எப்படியாவது எங்களைப் பிடித்து உள்ளே போட மாட்டார்களா என்று தவிக்கிறார்கள். ஆக, ஆள் பாலைவனத்தில் இருந்து தப்பிவிட்டான் என்று முதலிலேயே தெரிந்துபோகிறது. 'தப்புவானா' என்ற பதைப்பை எழுத்தாளர் தானே தூக்கி எறிந்துவிடுகிறார். ஜெயில் ஏன் ஒருவனுக்கு சொர்க்கமாகத் தெரிகிறது என்பதைத்தான் மிச்சப் புத்தகம் சொல்கிறது. பிறகு அவன் ஆடுகளுக்கு ஊரில் தெரிந்தவர்களின் பெயர் வைக்கிற இடம். இதை வெறும் அனுபவம் தராது. அண்ணரின் பன்னிரண்டு பக்கத்தில் இந்த மாதிரியான தெளிவு இருந்தது, மிச்சம் ஐம்பத்திரண்டில் இல்லை. ஒரு நல்ல பத்திரிகை ஆசிரியர் கையில் அது கிடைத்திருந்தால், "மிச்சத்தைத் தூக்கு, இதையே எழுது" என்று சொல்லியிருப்பார். அதுவும் ஒரு ஏற்பாடுதான். எழுதுகிற நேரத்திலேயே தேவைப்படுகிற ஏற்பாடு.

வளைகுடா நாடுகள் தங்களுக்கென்று செய்துவைத்திருக்கிற ஏற்பாட்டையும் பார்க்கவேண்டும். 2007இல் அபுதாபியில், லண்டன் புக்கர் அறக்கட்டளையின் ஆதரவோடு, அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசு தொடங்கப்பட்டது. வெல்பவருக்கு 50,000 டொலர். அதைவிடப் பெரியது, வென்ற நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவரப் பண உதவி உண்டு. நாவலை எழுத்தாளர் அனுப்ப முடியாது, பதிப்பாளர்தான் அனுப்பவேண்டும். 2013இல் அந்தப் பரிசு குவைத்காரர் சவூத் அல்சனூசியின் 'மூங்கில் தண்டு' நாவலுக்குக் கிடைத்தது. குவைத் வீட்டு மகனுக்கும் அந்த வீட்டில் வேலைக்கு வந்த பிலிப்பீன்ஸ் பெண்ணுக்கும் பிறந்தவன் தானே தன் கதையைத் தன் தாய்மொழியில் எழுதியதாகவும், அதை இன்னொருவர் அரபுக்கு மாற்றியதாகவும் அந்த நாவல் பாவனை செய்கிறது.

நான் அதை ஆங்கிலத்தில் வாசித்தேன். நல்ல நாவல், தன் சமூகத்தை அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தப் பாவனையில் எனக்கு ஒரு முள் குத்தியது. அப்படி ஒருவன் உண்மையிலேயே தகாலொக்கில் எழுதியிருந்தால் அந்தப் பரிசுக்கு அதை அனுப்பவே வழியில்லை. பரிசு அரபுக்கு மட்டும். நியாயம்தான், அவர்களுடைய மொழி, அவர்களுடைய காசு. ஆனால் 'வளைகுடா இலக்கியம்' என்று உலகம் வாசிக்கிற அலமாரி இப்படித்தான் அடுக்கப்படுகிறது. ஆடுஜீவிதம் அரபுக்குப் போனபோது சவூதியிலும் எமிரேட்சிலும் தடை என்று செய்திகள் வந்தன. அது தன் இடத்தைப் பிடித்தது வளைகுடாவில் அல்ல, திருவல்லாவிலும் மலப்புறத்திலும்.

ஒரு புத்தகம் உள்ளே போய்விட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வாசிக்காத ஆக்களும் அதன் பெயரைச் சொல்லத் தொடங்கும்போது. கல்ஃபில் ஒருவன் ஏமாற்றப்பட்டான் என்று செய்தி வந்தால் மலையாளப் பத்திரிகை அதை 'ஆடுஜீவிதம்' என்றே தலைப்பிடும். அந்த நிலைக்கு வந்தபிறகு அதைப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களும் அதை நிறுத்திவைக்கிறவர்கள்தான்.

அண்ணரின் புத்தகத்தை நூலகம் தளத்தில் எத்தனையோ தடவை தேடினேன், இல்லை. போன மாதம் ஒரு பிரதி கிடைத்தது. பழைய றூம்காரர் ஒருவரின் தங்கச்சி வீட்டில், வடமராட்சியில், தையல் மெசின் லாச்சிக்குள். அட்டை இல்லை. ஒவ்வொரு பக்கமாக வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினா.

பன்னிரண்டு பக்கம் இல்லை. ஒன்பது பக்கம்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கதையின் கடைசியில், பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்து எல்லாரும் ஒரே சட்டியில் சோறு சாப்பிடுகிற காட்சி ஒன்று இருக்கிறது என்று இருபது வருஷத்துக்கு மேலாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தில் அது இல்லை. அது எங்கள் றூமில் நடந்தது. நான்தான் என் நினைவில் இருந்து எடுத்து அவர் கதைக்குள் வைத்திருக்கிறேன். ஆக நான் புகழ்ந்துகொண்டு திரிந்ததில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு என்னுடையது?

ஒன்பது பக்கத்தையும் திரும்ப வாசித்தேன். கையெழுத்துகளின் கணக்கு அப்படியே இருக்கிறது. டாக்சிக்கு இருபத்தைந்து திர்ஹம். நல்லாத்தான் எழுதியிருக்கிறார். அறுபத்து நாலு பக்கத்தையும் ஒழுங்காக ஸ்கான் பண்ணித் தரச் சொல்லி அந்தத் தங்கச்சியின் மகனிடம் கேட்டிருக்கிறேன். அண்ணரின் மூத்த மகளின் போன் நம்பரும் கிடைத்திருக்கிறது. அவ சம்மதித்தால் நூலகத்துக்கு அனுப்பலாம், கவிதைகளையும் சேர்த்துத்தான். இன்னும் எடுக்கவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.