எட்டு விளக்கும் எரிந்த கேபிள்

ஈத்தர்நெட் கேபிளின் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாக்குக்குள் எட்டுக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் மேலே தங்க முலாம் பூசிய ஒரு சிறு தகடு. கிரிம்பிங் கருவியை அழுத்தும்போது அந்தத் தகட்டின் பற்கள் கம்பியின் பிளாஸ்டிக் உறையைக் குத்திக் கிழித்து உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொடும். பற்றவைப்பதும் இல்லை, திருகுவதும் இல்லை. அந்தக் கடி எவ்வளவு ஆழம், கடிபட்ட உலோகம் எது என்ற இரண்டையும் வைத்தே இணைப்பு நிற்கும், அல்லது தவறும்.

தேவாரத்தில் மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு ஏலக்காய்க் கிடங்கில் இந்த இரண்டும் ஒரே நாளில் சோதனைக்கு வந்தன. முன்பக்க அலுவலகத்திலிருந்து பின்பக்க உலர்த்தும் ஸ்டோர் வரை ஏறத்தாழ 60 மீட்டருக்கு லேன் கேபிள் ஓடுகிறது. அதன் அந்தப் பக்கத்தில் கேமராப் பதிவுப் பெட்டியும் எடை போடும் மேசையின் கணினியும் இருக்கின்றன. கேபிள் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இணைப்பு இருக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்பதுதான் புகார். சரிபார்க்க வந்தவர் போடியில் கேபிள் வேலை பார்ப்பவர். கூட ஒரு உதவியாளப் பையன்.

அவர் முதலில் கேபிளைத் தொடவே இல்லை. மடிக்கணினியைச் செருகி, இணைப்பு எந்த வேகத்தில் பேசுகிறது என்று பார்த்தார்.

```
Get-NetAdapter | Select Name, LinkSpeed
```

திரையில் `100 Mbps` என்று வந்தது. இரு பக்கமும் இருந்தவை ஜிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் தாங்கும் கருவிகள். இந்த ஒரு வரியே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். ஜாக்கில் 1, 2 ஒரு ஜோடி, 3, 6 இன்னொரு ஜோடி. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எந்த வேகத்தில் பேசலாம் என்று இரு கருவிகளும் முதலில் ஒப்பந்தம் செய்துகொள்வது அந்த முதல் இரண்டு ஜோடிகளில்தான். 4, 5, 7, 8 எண் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் ஒப்பந்தம் ஜிகாபிட்டுக்கே முடிந்துவிடும், ஆனால் இணைப்பு எழாது. விவரமான சிப் சிலமுறை முயன்று பார்த்துவிட்டு 100க்கு இறங்கிக்கொள்ளும். அந்த வசதி இல்லாத சிப்பில் விளக்கு எரிவதும் அணைவதுமாகவே இருக்கும். ஆக, ஜிகாபிட் கேபிள் 100இல் நின்றால் நீலம் அல்லது பழுப்பு ஜோடியைச் சந்தேகிப்பது முறை.

அடுத்து வந்தது கேபிள் டெஸ்டர். இரண்டு துண்டாகப் பிரியும் சிறு பெட்டி. ஒன்றைக் கேபிளின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் செருகினால் 1 முதல் 8 வரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஏதாவது ஒரு விளக்கு எரியாவிட்டால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது. வரிசை மாறி எரிந்தால் கம்பி இடம் மாறியிருக்கிறது. பையன் ஸ்டோர் பக்கத்திலிருந்து, “எட்டும் எரியுதுண்ணே” என்று சத்தம் கொடுத்தான். “ஜாக்குக்குப் பின்னால பிடிச்சு லேசா ஆட்டிப் பாரு தம்பி” என்றார் இவர். ஆட்டியதும் 4ஆம் விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி ஆட்டினால் மறுபடி அணைந்தது.

ஆட்டாமல் பார்க்கும் டெஸ்டர் பாதிச் சோதனைதான். கம்பி தகட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் கிரிம்பிங், அசையாமல் இருக்கும்போது எட்டு விளக்கையும் எரிய வைத்துவிடும். கண்ணால் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். எட்டுக் கம்பிகளின் நுனியும் ஜாக்கின் முன்சுவர் வரை போய் முட்டியிருக்க வேண்டும். நேர் எதிரே பிடித்தால் எட்டு உலோகப் புள்ளிகள் தெரியவேண்டும். வெளி உறை ஜாக்குக்குள் நுழைந்து, பின்பக்கத்துப் பிளாஸ்டிக் நாக்கு அதன் மேல் அழுந்தியிருக்க வேண்டும். கிடங்கின் ஜாக்கில் உறை வெளியிலேயே நின்றுவிட்டது. கேபிளின் இழுப்பு முழுவதையும் எட்டு மெல்லிய கம்பிகள் தாங்கியிருக்கின்றன. நீலக் கம்பி முதலில் கைவிட்டிருக்கிறது.

டெஸ்டர் அறவே கண்டுபிடிக்காத ஒரு தவறும் உண்டு. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்பது வழக்கமான வரிசை. பச்சை ஜோடியை நடுவில் நீலம் பிரித்து வைத்திருப்பது புதியவருக்கு விசித்திரமாகத் தெரியும். அழகுக்காகப் பச்சைகளை ஒன்றாக 3, 4இலும், நீலங்களை ஒன்றாக 5, 6இலும், இரு முனையிலும் ஒரேமாதிரி வைத்தால் எட்டு விளக்கும் முறைப்படி எரியும். ஆனால் 3, 6 என்ற ஜோடியாகப் போகவேண்டிய சிக்னல், ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகளில் போகும். முறுக்கு இருந்தால்தான் ஒரு ஜோடியின் சத்தம் பக்கத்து ஜோடியில் விழாது. விளக்குக்கு மின்சாரம் போனால் போதும். முறுக்கைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. இதே காரணத்தால்தான் ஜாக் போடும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்கிறார்கள்.

பழைய ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்ததும் திரையில் `1 Gbps` வந்தது. பலர் இந்த இடத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் பதிவுப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கணினியை வைத்து, ஒரு நிமிடத்துக்கு இடைவிடாமல் தரவை ஓடவிட்டார்.

```
iperf3 -c 192.168.1.10 -t 60
netstat -e
```

நல்ல ஜிகாபிட் கேபிளில் முதல் கட்டளை நொடிக்கு 940 மெகாபிட் அளவில் ஆடாமல் நிற்கும். இங்கே ஒரு நொடி 900, அடுத்த நொடி 300 என்று குதித்தது. இரண்டாவது கட்டளை காட்டும் `Errors` எண்ணிக்கை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூடிக்கொண்டே போனது. கேபிளில் வரும் ஒவ்வொரு தரவுச் சட்டகத்தின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். ஒரு பிட் கெட்டாலும் எண் பொருந்தாது; ஈத்தர்நெட் அந்தச் சட்டகத்தைத் திருத்தாது, திருப்பிக் கேட்காது, குப்பையில் போட்டுவிடும். மேலே இருக்கும் டிசிபி தரவு வந்து சேராததைப் பார்த்து, பாதையில் நெரிசல் என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். உள்ளூர்க் கணினிகளுக்கு நடுவே இது சீக்கிரம் மீண்டுவிடும். தொலைவில் உள்ள சர்வர் என்றால் அடி பலம். போய்வர 40 மில்லிநொடி ஆகும் இடத்துக்கு, ஆயிரம் சட்டகத்தில் ஒன்று தொலைந்தால், பழைய டிசிபி கணக்குப்படி ஓர் இணைப்புக்கு நொடிக்கு 11 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். கேபிள் ஜிகாபிட் என்று காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

புது ஜாக் போட்டும் பிழை ஏறுகிறது என்றால் கேபிளையே பார்க்கவேண்டும். வெட்டிய துண்டில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டியதும் செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தது. அலுமினியக் கம்பிமேல் செம்புத் தோல் போர்த்திய சிசிஏ கேபிள் அது. எடையிலேயே இது தெரியும். 305 மீட்டர் பெட்டியில் முழுச் செம்பு 24 கேஜ் கம்பி என்றால் உலோகம் மட்டும் நாலரைக் கிலோ வரும். செம்பு போர்த்திய 26 கேஜ் என்றால் ஒரு கிலோவைச் சுற்றித்தான்.

அளவாகச் சொல்ல மல்டிமீட்டர் போதும். அந்த முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, இந்த முனையில் ஓம் அளந்தார்கள். 60 மீட்டர் போய்த் திரும்ப 120 மீட்டர். நல்ல 24 கேஜ் செம்பில் 10 ஓம் காட்டவேண்டும். தரநிலை அனுமதிப்பது 100 மீட்டர் கம்பிக்கு 9.38 ஓம், ஆக இங்கே 11 ஓமைச் சற்றுத் தாண்டலாம். மீட்டர் காட்டியது 25. அலுமினியம் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்தடை கொண்டது, கம்பியும் 0.51க்குப் பதில் 0.4 மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டும் சேர்ந்தால் இந்த எண்தான் வரும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். மெதுவான வேகத்துக்குப் பழியெல்லாம் அலுமினியத்தின்மேல் விழுகிறது. அது முழு உண்மை இல்லை. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும். 100 மெகாஹெர்ட்ஸில் அது செம்பில் ஓடும் ஆழம் ஏறத்தாழ 7 மைக்ரான். போர்த்திய செம்புத் தோல் 10 மைக்ரான் அளவில் இருக்கும். ஆகவே உச்ச அதிர்வெண்ணில் சிக்னல் பெரும்பாலும் செம்பிலேயே போகிறது. அங்கே கெடுப்பது மெலிவுதான்: தடிமன் குறைந்தால் மேற்பரப்பு குறையும், சிக்னல் தேய்வு கூடும். அலுமினியத்தின் கை தெரிவது கீழ் அதிர்வெண்ணிலும் கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும்போதும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிரிம்பிங்கில். தகட்டுப் பல் அழுத்திக்கொண்டே இருக்க, மெத்தென்ற அலுமினியம் மெல்ல விலகிக் கொடுக்கும், கடி தளரும். பல் கிழித்த இடத்தில் காற்றுப் பட்டு, மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படியும். ஏலக்காய் உலரும்போது 50 டிகிரி வரை சூடேறி, பிறகு ஆறி, மழைக்காலத்தில் ஈரம் பூக்கும் ஸ்டோரில் இது வேகமாகவே நடக்கும். நாலைந்து முறை மடக்கினால் முறிந்தும் போகும்.

மின்சாரச் சங்கதிக்கு அதே கிடங்கில் அதே பெட்டிக் கேபிளில் ஓடிய ஒரு கேமரா சாட்சி. பகலில் படம் வரும், இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். மலிவான 12 வோல்ட் பிரிப்பான் வழியாக 4, 5 ஒரு பக்கமும் 7, 8 மறுபக்கமுமாக மின்சாரம் போகிறது. அதுவும் 60 மீட்டர். இரண்டிரண்டு கம்பி சேர்ந்து போவதால் தடை பாதியாகி 12.5 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே இரண்டரை வோல்ட் போய்விடும், மிச்சம் ஒன்பதரை. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்து 0.4 ஆம்பியர் ஆகும்போது 5 வோல்ட் போய் 7 வோல்ட்தான் சேரும். செம்பாக இருந்தால் 10 வோல்ட் சேர்ந்திருக்கும். 48 வோல்ட்டில் அனுப்பும் முறையான பிஓஇ சுவிட்ச் என்றால் இந்தக் கேபிளிலும் கேமரா ஓடியிருக்கும், ஏனெனில் அதற்கு ஆம்பியர் குறைவாகவே தேவை.

மதியத்துக்கு மேல் முழுச் செம்புக் கேபிள் போட்டார்கள். முறுக்கிவிட்டு அளந்ததில் 10 ஓம். `iperf3` 940ஐ ஒட்டி நின்றது. `Errors` எண் நகரவில்லை. கேபிளின் முழுத் தரத்தையும் சான்றளிக்கும் கருவி லட்சக்கணக்கில் விலை, அது இந்த ஊர் வேலைகளுக்கு வருவதில்லை. கழற்றிய பழைய கேபிளைப் பையன் சுருட்டிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, அலுமினிய விலைக்குத்தான் எடுத்துக்கொண்டார்.