பொட்டலம் நம்மூர், பருப்பு எந்த ஊர்?

ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு ஊரில் வரும் வேலை, பிழை திருத்தம்தான். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு என்று ஏதாவது வரும். போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு லேபிளைக் கொண்டுவந்தாள். நான்கு பெண்களை வைத்துக்கொண்டு உலர்பழம், பருப்பு வகைகளை வாங்கி, கால் கிலோ பவுச்சுகளில் அடைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள்.

லேபிளில் எழுத்துப்பிழை இல்லை. "வால்நட் பருப்பு, 250 கிராம், இந்தியத் தயாரிப்பு" என்று இருந்தது.

"ஏம்மா, இது எங்கே விளைஞ்சது?"

"சிலி நாட்டுச் சரக்கு சார். சென்னை மொத்த வியாபாரிகிட்ட 10 கிலோ பெட்டியா வாங்குறேன். ஆனா பேக் பண்றது இங்கதானே? பெரிய ஆர்டர் தர்ற கடைக்காரர்தான் இப்படிப் போடச் சொன்னார். போடலைன்னா ஆர்டர் போயிடும்."

அவள் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் நம் நாட்டில் வால்நட் என்றால் காஷ்மீர்தான் நினைவுக்கு வரும். அந்த இரண்டு சொல்லைப் படிப்பவர் காஷ்மீர்ப் பருப்பு என்று நினைத்துத்தான் காசு கொடுப்பார்.

இருவரும் உட்கார்ந்து, 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளைப் படித்தோம். இறக்குமதி உணவுக்குப் பிறந்த நாட்டைச் சொல்ல வேண்டும். இன்னொரு நாட்டில் பதப்படுத்தும்போது பொருளின் தன்மையே மாறிவிட்டால், அந்த நாடுதான் பிறந்த நாடாகக் கொள்ளப்படும். எல்லாம் அந்த "தன்மை மாறுவது" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் பிசினாக வருகிறது. இங்கே மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்குகிறார்கள். வந்த பிசின் வேறு, விற்கிற பொருள் வேறு. வால்நட் அப்படியல்ல. பெட்டியைப் பிரித்து, தூசி துரும்பு பொறுக்கி, எடைபோட்டு, பவுச்சை ஒட்டினாலும் அது பெட்டியில் வந்த அதே பருப்புதான். லேபிளில் இரண்டு தகவலும் வர வேண்டும்: "பிறந்த நாடு: சிலி" என்று ஒரு வரி, "பேக் செய்தவர்" என்று அவளுடைய பெயரும் முகவரியும் இன்னொரு வரி. தவறான லேபிளுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைக் கட்டப்போவது அவள், ஆலோசனை சொன்ன கடைக்காரர் அல்ல.

"அப்போ சிலின்னு 5,000 பவுச் அச்சடிச்சிடறேன் சார்" என்றாள். அங்கேதான் அடுத்த சிக்கல். அவள் கிடங்கில் அன்று 30 பெட்டிகள் இருந்தன. நேரில் போய்ப் பார்த்தால் 20 பெட்டியில் சிலி, 10 பெட்டியில் அமெரிக்கா. ஒரு பெட்டிக்கு 40 பவுச் என்றால், 400 பவுச்சில் பொய் அச்சாகியிருக்கும்.

அதனால் பவுச்சில் நாட்டின் பெயரை முன்கூட்டியே அச்சடிக்காமல் இடம் விட்டாள். பேக் செய்த தேதியும் பேட்ச் எண்ணும் அடிக்கிற சின்ன மெஷினிலேயே நாட்டின் பெயரையும் அடிக்கிறாள். ஒரு நோட்டில் பேட்ச் எண், பெட்டியில் இருந்த நாடு, வியாபாரியின் பில் எண், எத்தனை பவுச் என்று எழுதுகிறாள். ஒரு நாட்டுச் சரக்கு முடிந்து மேசையைத் துடைத்த பிறகுதான் அடுத்த நாட்டுப் பெட்டியைப் பிரிக்கிறார்கள். மீந்த அரைப் பெட்டியை இன்னொன்றில் கொட்டுவதில்லை. கொட்டினால் அந்த பேட்ச் எந்த நாடு என்று யாராலும் சொல்ல முடியாது.

பேரீச்சையில் வேறொரு குழப்பம். ஈரான் பழம் துபாய் வழியாக வந்தால், பில்லில் துபாய் வியாபாரி பெயர் இருக்கும். அது கப்பல் ஏறிய ஊர். மரம் நின்ற நாடுதான் பிறந்த நாடு. பெட்டியின் மூல லேபிளைப் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால், இறக்குமதி செய்தவரிடம் ஆவணத்தின் நகல் கேட்க வேண்டும்.

கடைக்காரர் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அவளுக்கு அது பெரிய இழப்புதான். மீதிக்கு வேறு கடைகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

வாங்குகிற நமக்கும் ஒரு செய்தி. பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். அந்த எண், நிறுவனம் இந்தியாவில் பார்கோடு பதிவு செய்ததை மட்டுமே காட்டும். சிலி வால்நட்டை இங்கே அடைத்தாலும் 890தான் வரும். முகவரியையும் பார்கோடையும் தாண்டி, "பிறந்த நாடு" என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரி இல்லாத பாதாம், பேரீச்சைப் பொட்டலம் கையில் கிடைத்தால் கடைக்காரரிடம் கேளுங்கள்.