மாலையும் ஐந்து வரியும்

கொல்லிமலை வீட்டுத் திண்ணையில் பேத்திக்கும் அவள் தோழிகளுக்கும் சின்கெய்ன் சொல்லிக்கொடுத்தேன். அமெரிக்கக் கவிஞர் அடிலெய்டு கிராப்ஸி வகுத்த ஐந்து வரி வடிவம். வரிக்கு 2, 4, 6, 8, 2 ஒலிகள். நம் யாப்பில் வரும் அசை வேறு. இங்கே புள்ளி எழுத்தை விட்டு மற்றதை எண்ணினால் போதும்.

மாலை
பலாத் தோப்பில்
பனி வந்து நிற்க
தொலைவில் அருவி பேசக்
கேட்டேன்

நான்காம் வரியை முதலில் ‘தூரத்து அருவி பேச’ என்றுதான் எழுதினேன். எண்ணினால் எட்டு. பேத்தி ‘தூரத்தருவி’ என்று சேர்த்து வாசித்தாள், ஏழாகிவிட்டது! அடுத்து உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும் அல்லவா? நான் படித்த பிரெஞ்சுக் கவிதைகளிலும் சொல்லின் கடைசி ‘எ’ இப்படித்தான் உயிருக்கு முன் மறையும். அதற்காகவே மதிப்பெண் இழந்தவன் நான். ‘தொலைவில்’ என்று மாற்றினேன். ‘தொலைவிலருவி’ என்று சேர்த்தாலும் கணக்குக் குறையவில்லை. பேத்தி விரல்விட்டு இருமுறை எண்ணிய பிறகே ஒப்புக்கொண்டாள்.