பேத்திக்கு இட்ட பெயர்



தாம்பாளத்துப் பச்சரிசியில் சற்றுமுன் எழுதிய பெயர் ‘முத்துலட்சுமி’. “இந்தக் காலத்தில் இவ்வளவு பழைய பெயரா?” என்று சிலர் வினவினார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அத்துயரத்தை அவர் அழுது தீர்த்துவிடவில்லை. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுப்பினார்.

இக்குழந்தையின் பாட்டியோ, மார்பில் தோன்றிய கட்டியை ஓராண்டுக் காலம் ஒருவரிடமும் சொன்னாளில்லை. கூச்சம் ஒரு பக்கம். வலி இல்லையே என்ற தைரியம் மறுபக்கம். வலியற்ற கட்டியே அதிக எச்சரிக்கைக்கு உரியது என்பதை நாங்கள் அறிந்தபோது காலம் கடந்திருந்தது.

ஆகவே, இவள் காதில் மும்முறை ஓதிய பெயருக்கு நான் கொண்ட பொருள் ஒன்றே: குழந்தாய், உன் உடம்பைப் பற்றிப் பேச ஒருநாளும் கூசாதே!