செவ்வாயில் விற்றால் வியாழனா?

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். வாங்குவதற்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். விற்பதற்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "பணம் எப்ப சார் கைக்கு வரும்?" பெரும்பாலும் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள், ஆசிரியர்கள், பெருங்களத்தூரிலும் சிட்லப்பாக்கத்திலும் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள். கொத்தனாருக்கு சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவருக்குப் பங்கு விலையைவிடப் பணம் வரும் தேதிதான் முக்கியம்.

பதில் சுருக்கமானது. "டி ப்ளஸ் டூ." வியாபாரம் நடந்த நாள் டி, அதிலிருந்து இரண்டாவது வேலை நாளில் கணக்குத் தீர்க்கப்படும். 2003 ஏப்ரல் 1 முதல் 2023 ஜனவரி 27 வரை, ஏறக்குறைய இருபது வருடம், இந்தியப் பங்குச் சந்தை இந்த முறையில்தான் ஓடியது. (அதற்கு முந்தைய ஒரு வருடம் மூன்று நாள் கணக்கு.) இரண்டு நாள் எண்ண என்ன கஷ்டம் என்று தோன்றும். எங்கள் அலுவலகத்தில் அதிகமான வாக்குவாதம் நடந்தது இந்த இரண்டு நாளை எண்ணுவதில்தான்.

முதல் சிக்கல் எங்கிருந்து எண்ணுவது என்பது. நாம் துக்கத்துக்குப் பத்தாம் நாள் குறிக்கும்போது நடந்த நாளையும் சேர்த்து எண்ணிப் பழகியவர்கள். பங்குச் சந்தையில் வியாபார நாள் சுழியம். காலை 9.20க்கு விற்றாலும் மாலை 3.29க்கு விற்றாலும் ஒன்றுதான், மறுநாள்தான் ஒன்று. இன்னொன்று, ஆர்டர் போட்ட நாள் கணக்கில் வராது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செல்போனில் விற்பனை ஆர்டரைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு, அது திங்கட்கிழமை சந்தையில் கைமாறினால் திங்கள்தான் டி. அன்று விலை படியாமல் செவ்வாயன்று திரும்பப் போட்டு விற்றால் செவ்வாய்தான் டி.

சனி, ஞாயிறு எண்ணிக்கையில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் பண்டிகை வந்தால்தான் குழம்பும். 2022 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், வியாழக்கிழமை. மகாவீர் ஜெயந்தியும் அம்பேத்கர் ஜெயந்தியும் அன்றே என்பதால் சந்தை விடுமுறை. மறுநாள் புனித வெள்ளி, அதுவும் விடுமுறை. 12ஆம் தேதி செவ்வாயன்று விற்றவருக்கு 13 புதன் ஒன்று. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கும் கழிந்து 18 திங்கள் இரண்டு. அதாவது செவ்வாயில் விற்றதற்கு அடுத்த திங்கள்தான் தீர்வு. அவரைவிட ஒரு நாள் தாமதித்துப் புதனன்று விற்றவருக்கு 19 செவ்வாய்.

இதுவரை சிக்கலில்லை, சந்தை விடுமுறைப் பட்டியலைப் பார்த்தால் போதும். ஆனால் சந்தை திறந்திருந்தும் எண்ணிக்கையில் வராத நாட்கள் உண்டு. அவற்றுக்கு செட்டில்மென்ட் விடுமுறை என்று பெயர். அன்று வாங்கலாம், விற்கலாம். ஆனால் பணமும் பங்கும் கைமாறாது, ஏனென்றால் மும்பையில் வங்கிகளுக்கு விடுமுறை. வருடா வருடம் ஏப்ரல் 1, வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், இப்படிப்பட்டது. 2022இல் ஆகஸ்ட் 16ஆம் தேதி பார்சி புத்தாண்டும் அப்படித்தான். தாம்பரத்தில் பார்சி புத்தாண்டு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர்கள் பணத்தை அது ஒரு நாள் நிறுத்தி வைத்தது.

சிட்லப்பாக்கத்துக்காரர் ஒருவர். 2022 ஏப்ரல் 1 வெள்ளிக்கிழமை ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க நாள் பார்த்திருந்தார். மார்ச் 30 புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து, தன்னிடமிருந்த ஒரு பெரிய வங்கிப் பங்கை விற்கச் சொன்னார். "புதன் விக்கறோம், வெள்ளி வந்துடும். கணக்கு சரிதானே?" என்றார்.

"வராது சார். 31 வியாழன் ஒண்ணு. வெள்ளி மார்க்கெட் இருக்கு, ஆனா பேங்க் க்ளோசிங். சனி, ஞாயிறு போச்சு. நாலாம் தேதி திங்கள்தான் ரெண்டு."

"மார்க்கெட் இருக்கும்போது பணம் மட்டும் எப்படிங்க நிக்கும்?" அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். நான் என்ன சொல்ல? பில்டரிடம் பேசி அட்வான்ஸைத் திங்களுக்குத் தள்ளிக்கொண்டார்.

அதே வாரத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 31ஆம் தேதி வியாழன் வியாபாரத்துக்கு ஏப்ரல் 4 ஒன்று, 5 இரண்டு. ஏப்ரல் 1 வெள்ளி வியாபாரத்துக்கும் அதே 4, அதே 5. இரண்டு நாள் வியாபாரமும் ஒரே செவ்வாயன்று தீர்ந்தது. இதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண வாரத்தில் திங்கள் வாங்கிய பங்கைச் செவ்வாய் விற்றால், வாங்கியது புதன் வரும், விற்றது வியாழன் போகும், இடைவெளி இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் அந்த இடைவெளி இல்லை. அந்த முறையில் தீர்வு நாளில் பங்கையும் பணத்தையும் உள்ளே கட்ட வேண்டிய கெடு காலை 11 மணியாக இருந்தது. வெளியே கொடுத்தது மதியம் 1.30 மணி வாக்கில். வரவேண்டிய பங்கு மதியம் வரும், கொடுக்கவேண்டிய பங்கைக் காலையிலேயே கேட்பார்கள். கொடுக்காவிட்டால் சந்தை அந்தப் பங்கை ஏலத்தில் வாங்கி, வாங்கியவருக்குக் கொடுத்துவிட்டு, விலை வித்தியாசத்தை விற்றவர் தலையில் கட்டும். அதனால் அப்படிப்பட்ட நாட்களில் முந்தின நாள் வாங்கியதை விற்க வேண்டாம் என்று சொல்லித் தடுத்துவிடுவோம்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு மளிகைக் கடை கொடுத்த தினசரி காலண்டர் தொங்கும். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் விரல் விடுவார்கள். அதில் சிவப்பு எழுத்தில் இருப்பது தமிழ்நாட்டு விடுமுறை. செட்டில்மென்ட்டுக்கு வேண்டியது மும்பை விடுமுறை. இரண்டும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு இரண்டு பண்டிகைகளைச் சொன்னால் போதும்.

2022 பொங்கல் ஜனவரி 14, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் வங்கிகள் மூடியிருந்தன. மும்பையில் சந்தையும் உண்டு, வங்கியும் உண்டு. ஆகவே 12ஆம் தேதி புதன் விற்றதற்கு 13 போகி ஒன்று, பொங்கலன்றே தீர்வு. சேலையூரில் பானையில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது டிமேட் கணக்கிலிருந்து போன பங்குக்கு அங்கே பணம் கட்டப்பட்டது. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் எல்லா நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதால், கிளை மூடியிருந்தாலும் பணம் கணக்குக்கு வர வழியுண்டு. அதற்கு முன்பு நிலைமை வேறு. 12ஆம் தேதி வாங்கியவர்களுக்கும் இதே கெடுதான்: ஊரில் வங்கி மூடியிருக்கிறது என்பது பணம் கட்டாததற்குச் சாக்கு ஆகாது.

தீபாவளியில் தலைகீழ். 2022இல் அக்டோபர் 24 திங்கள் தீபாவளி. சாயங்காலம் முகூர்த்த வியாபாரம் மட்டும் நடந்தது, தீர்வு கிடையாது. 26 புதன் பலிபிரதிபதா, மகாராஷ்டிர விடுமுறை. தாம்பரத்தில் அன்று வங்கி சாதாரணமாகத் திறந்திருந்தது, ஜனங்கள் பட்டாசுக் குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார்கள். 21 வெள்ளி விற்றவர் எண்ண வேண்டியது இப்படி: 24 சேராது, 25 செவ்வாய் ஒன்று, 26 சேராது, 27 வியாழன் இரண்டு. முகூர்த்த நேரத்தில் ராசிக்கு நாலு பங்கு வாங்கியவருக்கும் 25 ஒன்று, 27 இரண்டு, அதே வியாழன்.

கம்ப்யூட்டரில் எண்ணலாம். எக்செலில் வியாபாரத் தேதி A2 கட்டத்தில், விடுமுறைத் தேதிகள் H வரிசையில் இருந்தால் இது போதும்:

```
=WORKDAY(A2,2,$H$2:$H$25)
```

சனி, ஞாயிறை அதுவே கழித்துக்கொள்ளும். 2022 மார்ச் 31ஐயும் ஏப்ரல் 1ஐயும் போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் ஏப்ரல் 5 என்றே வரும். ஆனால் H வரிசையில் சந்தை விடுமுறையோடு செட்டில்மென்ட் விடுமுறையையும் சேர்த்திருக்க வேண்டும். வெறும் சந்தை விடுமுறையை மட்டும் ஒட்டினால் 30ஆம் தேதி விற்பனைக்கு அது ஏப்ரல் 1 என்று அடித்துச் சொல்லும், சிட்லப்பாக்கத்துக்காரர் சொன்ன மாதிரியே.

பணத்துக்காக மட்டும் இந்தத் தேதி இல்லை. ஒரு கம்பெனி டிவிடெண்டுக்குப் பதிவுத் தேதி வெள்ளி என்று வைத்தால், அன்று யார் டிமேட்டில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட். இரண்டு நாள் முறையில் புதன் வாங்கினால்தான் வெள்ளி வரும். வியாழன் வாங்கியவருக்கு இல்லை. அதனால்தான் எக்ஸ்-டேட் பதிவுத் தேதிக்கு ஒரு நாள் முன்பு இருந்தது. வருமான வரி மட்டும் இந்த எண்ணிக்கையைக் கண்டுகொள்வதில்லை. டெலிவரி நடந்துவிட்டால் தரகரின் கான்ட்ராக்ட் நோட் தேதிதான் விற்ற தேதி என்று 1995லேயே நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மார்ச் 31 விற்றது ஏப்ரல் 5இல் தீர்ந்தாலும் லாபம் மார்ச் வருடத்துக்கே.

இப்போது இங்கே ஒரு நாள் முறை. 2022 பிப்ரவரி 25இல் சந்தை மதிப்பில் கடைசியில் இருந்த நூறு கம்பெனிகளில் ஆரம்பித்து, 2023 ஜனவரி 27இல் பெரிய கம்பெனிகளும் மாறின. எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று. ஏப்ரல் 1 மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு நாள் கணக்கு நம்மவர்களை முழுக்க விட்டுவிடவும் இல்லை. ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டை விற்றால் 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டாவது வேலை நாளில்தான் பணம். தாம்பரத்துப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 2018 டிசம்பரிலிருந்து பங்குக்கு இரண்டு நாள் முறை. அங்கே தீபாவளி பொது விடுமுறை. 2024இல் அது அக்டோபர் 31 வியாழன்; 29 செவ்வாய் விற்றவருக்கு 30 ஒன்று, நவம்பர் 1 வெள்ளி இரண்டு. அந்த வெள்ளிக்கிழமை மும்பைச் சந்தை தீபாவளி விடுமுறையில் இருந்தது. அண்ணன் தாம்பரத்திலும் தம்பி சிங்கப்பூரிலும் பங்கு வைத்திருந்தால் ஆளுக்கொரு விடுமுறைப் பட்டியல் வேண்டும்.

விரல் விட்டு எண்ணச் சோம்பல் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வியாபாரம் நடந்த அன்று ராத்திரியே உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறங்கள். மேலே வியாபாரத் தேதிக்குப் பக்கத்தில் செட்டில்மென்ட் எண்ணும் தேதியும் அச்சாகியிருக்கும். கொத்தனாருக்கோ பில்டருக்கோ நாள் சொல்லும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.